கல்லாவும் அலமாரியும் ஒன்றையே சொல்கின்றனவா?
புத்தகக் காட்சி அரங்கில் நாள் முடிவுக் கணக்கு

புது தில்லியில் 1972 முதலும், கொல்கத்தாவில் 1976 முதலும், சென்னையில் 1977 முதலும் பெரிய புத்தகக் காட்சிகள் நடைபெற்று வருகின்றன. அவற்றில் அரங்கு எடுக்கும் பதிப்பாளர்களிலும் விற்பனையாளர்களிலும் பெரும்பாலோர் சிறு தொழில் நடத்துபவர்களே. ஆண்டு முழுவதும் ஒரு சிறிய கடையிலோ வீட்டின் முன்னறையிலோ தொழில் செய்பவர்கள், காட்சி நடைபெறும் சில நாட்களில் மட்டும் பல மடங்கு விற்பனையைக் கையாள நேர்கிறது. பழக்கப்பட்ட ஊழியர் ஒருவர் இருந்தால், தற்காலிகமாக வந்து உதவும் இளைஞர்கள் மூவர் இருப்பர். மாலை ஐந்து மணிக்குமேல் கூட்டம் நெருக்கும். இரவு அரங்கை மூடும்போது கல்லாவில் உள்ள பணத்தை எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்புவதே பலருடைய வழக்கம்.

பணத்தை எண்ணுவது கணக்குப் பார்த்தல் ஆகாது. பணம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். எவ்வளவு இருந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லாது. அதை அறிய, ஒன்றையொன்று சாராத இரண்டு கணக்குகள் வேண்டும். ஒன்று நூல்களின் கணக்கு. அது பிரதிகளின் எண்ணிக்கையில் நடப்பது. மற்றொன்று பணத்தின் கணக்கு. அது ரூபாயில் நடப்பது. இரண்டுக்கும் நடுவே பாலமாக நிற்பது பில். இரு கணக்குகளையும் தனித்தனியே முடித்து, பிறகு அருகருகே வைத்துப் பார்த்தால்தான், ஏற்பட்ட வேறுபாடு எத்தகையது என்பது புலப்படும். ஓர் அரங்கின் ஒரு நாள் கணக்கை எடுத்துக்கொண்டு இதைப் படிப்படியாகக் காண்போம். இதில் வரும் தொகைகள் யாவும் விளக்கத்திற்காக நாம் அமைத்துக்கொண்டவை.

முதலில் கோடு கிழித்தல்

கணக்குத் தொடங்குமுன் விற்பனை நிற்க வேண்டும். கடைசி பில்லின் எண்ணைக் கணக்கேட்டில் எழுதி, அதன் கீழே ஒரு கோடு இட வேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போது வரும் வாடிக்கையாளருக்கு ஒரு நூலைக் கொடுத்தால், அந்தப் பிரதி எண்ணப்பட்ட பின் போனதா, எண்ணப்படுமுன் போனதா என்பது பிறகு ஒருவருக்கும் தெரியாது. அவரைத் திருப்பி அனுப்ப மனமில்லையென்றால், அந்த விற்பனைக்குக் கோட்டுக்குக் கீழே மறுநாள் தேதியில் பில் போட்டு, அந்தப் பணத்தைத் தனி உறையில் வைத்துவிடலாம். அந்த நூல் இன்று எண்ணும் இருப்பில் சேர்ந்தே இருக்க வேண்டும்.

அடுத்து, பில் எண்கள் இடையறாமல் தொடர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 301 முதல் 418 வரை பில் போட்டிருந்தால், நடுவில் ஒரு தாளும் காணாமற்போயிருக்கக் கூடாது. பிழையாக எழுதிய பில்லைக் கிழித்து எறியாமல், குறுக்கே கோடிட்டுப் புத்தகத்திலேயே வைத்திருக்க வேண்டும்.

நூல்களின் கணக்கு

நம் எடுத்துக்காட்டில் உள்ள அரங்கு காலையில் 1,240 பிரதிகளுடன் திறக்கப்பட்டது. பிற்பகலில் கிடங்கிலிருந்து 120 பிரதிகள் வந்தன; அவற்றுக்கு அனுப்புச் சீட்டு இருக்கிறது. வாசகர்கள் 4 பிரதிகளைத் திருப்பித் தந்தனர். வேறொரு பதிப்பாளர் விற்பனைக்காக நம்மிடம் கொடுத்திருந்த நூல்களில் 30 பிரதிகளை அவரே வந்து எடுத்துச் சென்றார். மதிப்புரைக்காக 2 பிரதிகள் இலவசமாகக் கொடுக்கப்பட்டன. பில்களின்படி விற்றவை 212 பிரதிகள்.

இருக்க வேண்டிய இருப்பு:

தொடக்க இருப்பு: 1,240
கூட்டுக, கிடங்கிலிருந்து வரவு: 120
கூட்டுக, வாசகர் திருப்பித் தந்தவை: 4
கழிக்க, பதிப்பாளருக்குத் திருப்பியவை: 30
கழிக்க, இலவசப் பிரதிகள்: 2
கழிக்க, விற்பனை: 212
இருக்க வேண்டியது: 1,120

இதில் ‘திருப்பியவை’ என்ற ஒரே சொல் இரண்டு எதிர்த்திசைகளில் செல்வதைக் கவனிக்க வேண்டும். வாசகர் திருப்பித் தந்தால் இருப்பு கூடுகிறது; நாம் பதிப்பாளருக்குத் திருப்பினால் இருப்பு குறைகிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் ‘திரும்பியது’ என்று எழுதிவைக்கும் பழக்கம் சில அரங்குகளில் உண்டு. அவ்வாறு எழுதப்பட்ட 30 பிரதிகளைக் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டால், கணக்கு 30 அன்று, 60 பிரதிகள் பிசகும். வேறுபாடு இரட்டைப்படை எண்ணாக இருந்து, அதன் பாதி ஏதேனும் ஒரு சீட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப்போனால், திசை மாறிய பதிவு ஒன்று இருக்கக்கூடும் என்று ஐயுறலாம்.

இருக்க வேண்டிய எண் நமக்குத் தெரியும். ஆனால் அலமாரியை எண்ணுபவருக்கு அது தெரியக் கூடாது. 1,120 வர வேண்டும் என்று தெரிந்தவர், களைப்பு மிகுந்த இரவு வேளையில், 1,120 வரும் வரைதான் எண்ணுவார். ஆகவே தலைப்புகளின் பட்டியலில் எண்ணிக்கைக் கட்டங்களை வெறுமையாக விட்டு அவரிடம் கொடுக்க வேண்டும். ஒருவர் எண்ணிச் சொல்ல, மற்றொருவர் எழுதுவது விரைவானது. மேசைக்கு அடியில் உள்ள பெட்டிகள், முகப்பில் காட்சிக்காக நிறுத்திய பிரதிகள், பக்கம் விடுபட்டதால் வாசகர் திருப்பித் தந்த பிரதி ஆகியவையும் எண்ணிக்கையில் சேர வேண்டும். பழுதான பிரதியை அலமாரியில் மீண்டும் வைக்காமல் தனியே வைத்து எண்ண வேண்டும். இல்லையேல் மறுநாள் அதே பிரதி மற்றொருவருக்கு விற்கப்பட்டு, மீண்டும் திரும்பி வரும்.

நம் அரங்கில் எண்ணி வந்தது 1,117. மூன்று பிரதிகள் குறைகின்றன. இந்த இடத்தில் முடிவுக்கு வந்துவிடாமல், அந்தத் தாளை அப்படியே வைத்துவிட்டுப் பணத்தின் கணக்கிற்குச் செல்வோம்.

பணத்தின் கணக்கு

சென்னைப் புத்தகக் காட்சியில் வாசகருக்குப் பத்து சதவீதக் கழிவு அளிப்பது நெடுநாள் வழக்கம். நம் அரங்கிலும் அதுவே. விற்ற 212 பிரதிகளின் அச்சிட்ட விலை ரூ.53,000. கழிவு ரூ.5,300 போக, விற்பனை ரூ.47,700. திரும்பி வந்த 4 பிரதிகளின் அச்சிட்ட விலை ரூ.1,000, ஆனால் வாசகர் செலுத்தியிருந்தது ரூ.900 மட்டுமே. எனவே ரூ.900ஐத்தான் கழிக்க வேண்டும். நிகர விற்பனை ரூ.46,800.

திருப்பித் தருபவருக்கு நூலின் பின்னட்டையைப் பார்த்து முழு விலையைக் கொடுத்துவிடுவது கூட்ட நேரத்தில் நிகழக்கூடியது. அவ்வாறு நிகழ்ந்திருந்தால் நூல் கணக்கு சரியாகவே இருக்கும். கல்லாவில் மட்டும் அந்தக் கழிவுத் தொகை குறையும். ஒரு நூலுக்குப் பதில் வேறொரு நூல் கேட்டவர்களையும் இங்கேயே நினைவில் கொள்ள வேண்டும். மாற்றிக்கொள்ளுதல் என்பது ஒரு திருப்புதலும் ஒரு விற்பனையும் சேர்ந்ததாகும். இரண்டுக்கும் சீட்டு எழுதாமல் கைமாற்றாகக் கொடுத்துவிட்டால், வித்தியாசத் தொகை கல்லாவில் விழும், அதற்கான காரணம் எங்கும் இராது.

நிகர விற்பனையான ரூ.46,800இல், பில்களில் யுபிஐ என்று குறிக்கப்பட்டவை ரூ.21,600, அட்டை என்று குறிக்கப்பட்டவை ரூ.6,750. மீதி ரூ.18,450 ரொக்கமாக வந்திருக்க வேண்டும். காலையில் சில்லறைக்காகக் கல்லாவில் வைத்தது ரூ.3,000. தேநீருக்கும் பைகளுக்கும் கல்லாவிலிருந்து எடுத்தது ரூ.380, அதற்குச் சீட்டு உண்டு. மாலையில் கல்லா நிரம்பியபோது ரூ.10,000ஐ உரிமையாளர் கையெழுத்திட்டு எடுத்து வைத்தார்.

கல்லாவில் இருக்க வேண்டியது:

தொடக்கச் சில்லறை: ரூ.3,000
கூட்டுக, ரொக்க விற்பனை: ரூ.18,450
கழிக்க, செலவு: ரூ.380
கழிக்க, உரிமையாளர் எடுத்தது: ரூ.10,000
இருக்க வேண்டியது: ரூ.11,070

பணத்தையும் விடை தெரியாதவரே எண்ண வேண்டும். நோட்டு வகை வாரியாக எழுதவும் வேண்டும். நம் அரங்கில் ஐந்நூறு ரூபாய் நோட்டு 14, இருநூறு 12, நூறு 15, ஐம்பது 10, இருபது 12, பத்து 17, நாணயங்கள் ரூ.25 என்று எண்ணி வந்த மொத்தம் ரூ.11,835. இருக்க வேண்டியதைவிட ரூ.765 அதிகம்.

பணம் அதிகமாக இருந்தால் பலர் மகிழ்ச்சியுடன் கணக்கை மூடிவிடுகின்றனர். அது தவறு. பணம் குறைவதைப் போலவே பணம் கூடுவதும் ஒரு பிழையின் அடையாளமே. யாரோ ஒரு வாசகருக்கு மீதிச் சில்லறை கொடுக்கப்படாமல் இருந்திருக்கலாம்; ஏதோ ஒரு விற்பனைக்குப் பில் போடாமல் விட்டிருக்கலாம். பில் போடாத விற்பனை பழக்கமாகிவிட்டால், அந்தப் பணம் கல்லாவிற்கு வந்துசேரும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை.

வேறுபாட்டைப் படித்தல்

முதலில் பண வகைகளுக்குள் ஒத்துப்பார்க்க வேண்டும். பில்களில் உள்ள யுபிஐ தொகையை, வணிகருக்கான செயலியில் அந்த நாளுக்குரிய பரிவர்த்தனைப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வாசகர் தம் கைப்பேசியில் காட்டும் திரையை ஆதாரமாகக் கொள்ளக் கூடாது. நம் செயலியில் பதிவானதே வரவு. வங்கிக் கணக்கின் இருப்பை வைத்தும் ஒப்பிடக் கூடாது. வணிகருக்கான தொகை மறுநாள் வரவு வைக்கப்படுவதும், அட்டை விற்பனைத் தொகை கட்டணம் கழிக்கப்பட்டு வருவதும் உண்டு. ஆகவே இரவில் பரிவர்த்தனைப் பட்டியலையும், மறுநாள் அல்லது அடுத்த வேலை நாளில் வங்கி வரவையும் என இரண்டு கட்டமாகச் சரிபார்ப்பதே முறை.

நம் அரங்கின் செயலியில் யுபிஐ வரவு ரூ.21,285 மட்டுமே. பில்களின்படி இருக்க வேண்டியதைவிட ரூ.315 குறைவு. அட்டை இயந்திரத்தின் நாள் மொத்தம் ரூ.6,750, அது சரி. ரூ.315 என்பது ரூ.350 விலையுள்ள ஒரு நூலின் கழிவு போன விலை. அந்தத் தொகைக்குரிய பில்லைத் தேடினால், யுபிஐ என்று குறிக்கப்பட்ட ஒரு பில்லுக்குச் செயலியில் இணையான வரவு இல்லை. இணைய இணைப்புக் கிடைக்காமல் வாசகர் ரொக்கம் கொடுத்திருக்கிறார். பில்லில் குறியை மாற்றவில்லை. கல்லாவில் ரூ.315 கூடியிருப்பதே இதற்குச் சான்று. ஒரு வகையில் குறைந்த தொகை மற்றொரு வகையில் கூடியிருந்தால், அது இழப்பன்று, குறிப்புப் பிழை. செயலியில் வரவும் இல்லாமல், கல்லாவிலும் கூடாமல் இருந்தால் மட்டுமே வாசகர் பணம் செலுத்தாமல் சென்றிருக்கிறார் என்று கொள்ள வேண்டும்.

ரூ.765இல் ரூ.315 போக, ரூ.450 இன்னும் விளங்காமல் நிற்கிறது. இப்போது நூல் கணக்குத் தாளைத் திரும்ப எடுப்போம். மொத்தத்தில் மூன்று பிரதிகள் குறைவு என்று பார்த்தோம். தலைப்பு வாரியாகப் பார்த்தால் நான்கு வரிகளில் வேறுபாடு தெரிகிறது:

ரூ.250 விலையுள்ள நாவல்: 2 குறைவு
ரூ.400 விலையுள்ள வரலாற்று நூல்: 1 குறைவு
ரூ.300 விலையுள்ள கட்டுரைத் தொகுப்பு: 1 குறைவு
ரூ.150 விலையுள்ள கவிதைத் தொகுப்பு: 1 கூடுதல்

நாவலின் கழிவு போன விலை ரூ.225. இரண்டு பிரதிகளுக்கு ரூ.450. கல்லாவில் விளங்காமல் நின்ற தொகையும் அதுவே. நூலும் குறைந்து, அதற்குச் சரியான பணமும் கூடியிருப்பதால், நாவலின் இரண்டு பிரதிகள் பில் போடாமல் விற்கப்பட்டன என்று கொள்வதே பொருத்தம். மாலை நெருக்கடியில் பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டவர் பில் எழுத மறந்திருக்கிறார். அவர் நேர்மையானவர் என்பதையும் இந்தக் கணக்கே காட்டுகிறது. பணத்தை மட்டும் எண்ணியிருந்தால் ‘எங்கிருந்தோ வந்த பணம்’ என்றும், நூல்களை மட்டும் எண்ணியிருந்தால் ‘யாரோ எடுத்துவிட்டார்கள்’ என்றும் முடிந்திருக்கும். இரண்டாவது முடிவு, தினக்கூலிக்கு வந்த ஓர் இளைஞர்மேல் காரணமில்லாத பழியாக விழுந்திருக்கும்.

கட்டுரைத் தொகுப்பும் கவிதைத் தொகுப்பும் ஓர் ஆசிரியருடையவை. ஒரே வடிவிலான அட்டை கொண்டவை. ஒன்று குறைந்து மற்றொன்று கூடியிருப்பதால், விற்றது கட்டுரைத் தொகுப்பு, பில்லில் எழுதியது கவிதைத் தொகுப்பு என்பது தெளிவு. வாசகர் ரூ.270 தர வேண்டிய இடத்தில் ரூ.135 தந்து சென்றிருக்கிறார். இந்தப் பிழை மொத்தப் பிரதிகளின் எண்ணிக்கையில் தெரியாது, ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகிறது. கல்லாவிலும் தெரியாது, பில்லும் பணமும் ஒத்தே இருக்கின்றன. தலைப்பு வாரியான எண்ணிக்கை ஒன்றே இதைக் காட்டும். ஒரு நாளில் ரூ.135 சிறிய தொகைதான். ஆனால் இரண்டு அட்டைகளும் அருகருகே இருக்கும் வரை பிழை நாள்தோறும் நிகழும். அவற்றை வேறு வேறு மேசைகளில் வைப்பதே தீர்வு.

எஞ்சியது வரலாற்று நூலின் ஒரு பிரதி. அதற்கு ஈடாகப் பணமும் இல்லை, வேறொரு தலைப்பில் கூடுதலும் இல்லை. இலவசப் பிரதிச் சீட்டு, அனுப்புச் சீட்டு, பக்கத்து மேசை ஆகியவற்றைப் பார்த்த பின்னும் கிடைக்கவில்லையெனில், அது உண்மையான இழப்பு. அந்த நூல் வேறொரு பதிப்பாளருடையது என்பதால் இழப்பின் அளவைக் கவனிக்க வேண்டும். அவர் நமக்கு 35 சதவீதக் கழிவில் கொடுத்திருந்தால், காணாமற்போன பிரதிக்கு நாம் அவருக்குத் தர வேண்டியது ரூ.260. அதே நூலை ரூ.360க்கு விற்றால் நமக்குக் கிடைப்பது ரூ.100. எனவே ஒரு பிரதி காணாமற்போனதை ஈடுகட்ட, அதே நூலில் மூன்று பிரதிகள் விற்றாக வேண்டும்.

இரவிலேயே முடிக்க வேண்டியவை

கண்டறிந்த பிழைகளை அன்றிரவே பதிவுசெய்ய வேண்டும். நாவலின் இரண்டு பிரதிகளுக்கு ‘விடுபட்ட விற்பனை’ என்று குறித்து அன்றைய தேதியில் பில் போட வேண்டும். யுபிஐ என்ற தவறான குறியை, பழையது தெரியும்படி ஒற்றைக் கோட்டால் அடித்து, ரொக்கம் என்று மாற்ற வேண்டும். தலைப்பு மாறிய பில்லிலும் அவ்வாறே குறிப்பெழுதி இருப்பைத் திருத்த வேண்டும். காணாமற்போன ஒரு பிரதியை இழப்புக் கணக்கில் எழுத வேண்டும். இவற்றைச் செய்தபின், 1,120இல் இரண்டும் ஒன்றும் போக இருப்பு 1,117 ஆகிறது; எண்ணி வந்ததும் அதுவே. பணத்தில் நிகர விற்பனை ரூ.47,250 ஆகிறது, ரொக்கம், யுபிஐ, அட்டை மூன்றும் சேர்ந்து வந்ததும் அதுவே.

காரணம் விளங்காத வேறுபாடு எஞ்சினால், கையிலிருந்து பணம் போட்டோ, எடுத்தோ அதைச் சமன்செய்யக் கூடாது. ‘விளங்காத வேறுபாடு’ என்றே தொகையோடு எழுதிவைக்க வேண்டும். சமன்செய்யப்பட்ட கணக்கு நாளைக்கு எதையும் சொல்லாது. எழுதிவைக்கப்பட்ட வேறுபாடோ, நான்காம் நாளில் அதே தலைப்பில் மீண்டும் குறையும்போது, வாயிலை ஒட்டிய மேசையைக் கவனிக்கச் சொல்லும்.

ஆயிரக்கணக்கான தலைப்புகளை வைத்திருக்கும் பெரிய அரங்கில் ஒவ்வோர் இரவும் எல்லாவற்றையும் எண்ண இயலாது. அங்கே அதிகம் விற்கும் தலைப்புகளையும், பிற பதிப்பாளர்களின் நூல்களையும் நாள்தோறும் எண்ணி, மற்றவற்றை மேசை வாரியாகச் சில நாட்களுக்கு ஒருமுறை எண்ணலாம். ஆனால் எண்ணாத பகுதியில் இரண்டு கணக்குகளும் சந்திக்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அப்பகுதியின் வேறுபாடு வெளிப்படும்போது அது எந்த நாளுக்குரியது என்று சொல்ல இயலாது.

ரொக்கத்தைப் பிரிப்பதிலும் ஒரு முறை உண்டு. நம் அரங்கில் உள்ள ரூ.11,835இல், ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் பதினான்கையும், இருநூறு ரூபாய் நோட்டுகள் ஒன்பதையும் எடுத்தால் ரூ.8,800 ஆகிறது. உரிமையாளர் மாலையில் எடுத்து வைத்த ரூ.10,000உடன் இதையும் சேர்த்து ரூ.18,800ஐ வங்கியில் செலுத்தலாம். மீதியாக, பெரும்பாலும் நூறும் அதற்குக் குறைந்த நோட்டுகளுமாக, ரூ.3,035 மறுநாள் சில்லறைக்கு நிற்கும். ஞாயிறுகளிலும், இரண்டாம் நான்காம் சனிக்கிழமைகளிலும், பொங்கல் போன்ற விடுமுறைகளிலும் வங்கிக் கிளைகள் திறந்திரா; காட்சியில் விற்பனை மிகுவதும் அந்நாட்களில்தான். அத்தகைய நாட்களில் பணம் செலுத்தும் இயந்திரத்தைப் பயன்படுத்தலாம். செலுத்திய சீட்டை அந்த நாளின் கணக்குத் தாளோடு இணைத்துவிட வேண்டும்.

மறுநாள் காலையில் கணக்கேட்டின் முதல் வரியில் எழுத வேண்டியவை இரண்டு: தொடக்க இருப்பு 1,117 பிரதிகள், தொடக்கச் சில்லறை ரூ.3,035. இரண்டும் முந்தைய இரவில் எண்ணிப் பார்த்தவையாக இருக்க வேண்டும். அவற்றின் பக்கத்தில் எண்ணியவரும் எழுதியவரும் கையெழுத்திட்ட பிறகே அன்றைய முதல் பில்லைப் போட வேண்டும்.